விமான டிக்கெட் ரீஃபண்ட் வரவில்லையா? பணம் யார் கையில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏர்லைனுக்கு ஒரு போன், ஏஜென்ட்டுக்கு ஒரு போன், பேங்க்குக்கு ஒரு போன் என்று மூன்று பக்கமும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்று பேரும் "எங்ககிட்ட இல்லை" என்பார்கள். அதில் இரண்டு பேர் சொல்வது உண்மையாகவே இருக்கும். பணம் எந்த நேரத்திலும் ஒருவர் கையில்தான் இருக்கிறது. அவர் யார் என்று தெரிந்துவிட்டால் மற்ற இரண்டு பேரிடம் பேசும் நேரம் மிச்சம்.

இந்தியாவுக்குள் பறக்கும் விமான டிக்கெட்டுகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வெளிநாட்டு ஏர்லைன்களுக்கு அவரவர் நாட்டு விதிகளும் குறுக்கே வரும், அந்தக் கணக்கு வேறு.

வேறு எதற்கும் முன்னால் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, டிக்கெட் வாங்கிய நாளின் வரியைப் பாருங்கள். அங்கே ஏர்லைன் பெயர் இருந்தால் உங்கள் பணம் நேராக ஏர்லைனுக்குப் போயிருக்கிறது; திரும்பி வருவதும் அதே வழிதான். புக்கிங் வெப்சைட்டின் பெயரோ, ஊரில் உள்ள டிராவல்ஸின் பெயரோ இருந்தால், உங்கள் கார்டு நம்பரையோ யுபிஐ ஐடியையோ ஏர்லைன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உங்களுக்கு நேராகத் திருப்பி அனுப்ப அவர்களிடம் வழியே கிடையாது. கீழே சொல்வதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

அறிகுறி: பணம் பிடித்துவிட்டார்கள், டிக்கெட்டே வரவில்லை

இது ரத்து ரீஃபண்ட் அல்ல, தோல்வியடைந்த பரிவர்த்தனை. இரண்டுக்கும் விதி வேறு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐ மூலமோ இணையத்தில் கார்டு மூலமோ பணம் போய், கடைக்காரர் பக்கத்துக்கு உறுதிப்பாடு போய்ச் சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இங்கே பேச வேண்டிய ஆள் உங்கள் பேங்க்.

ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். சில வெப்சைட்டில் பணம் போய்ச் சேர்ந்திருக்கும், ஏர்லைனிடமிருந்து சீட் மட்டும் கிடைத்திருக்காது. அப்போது பேங்க் கணக்கில் அது வெற்றியடைந்த பரிவர்த்தனை. பணத்தைத் திருப்ப வேண்டியது வெப்சைட். 5 நாள் விதியைக் காட்டி பேங்க்கிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை.

அறிகுறி: ஏர்லைனில் நேரடியாக வாங்கியது, ஒரு வாரமாகியும் வரவில்லை

விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி கிரெடிட் கார்டில் வாங்கிய டிக்கெட்டுக்கு 7 நாள் கெடு வைத்தது. ரொக்கம் கொடுத்து ஏர்லைன் அலுவலகத்தில் வாங்கியிருந்தால் அங்கேயே உடனடியாகத் திருப்பித் தர வேண்டும் என்றது.

ஏர்லைன் அனுப்பிய பணம் பேமென்ட் கேட்வே, ஏர்லைனின் பேங்க், கார்டு நெட்வொர்க் என்று கடந்துதான் உங்கள் பேங்க்குக்கு வருகிறது. ஏர்லைன் "அனுப்பியாச்சு" என்று சொல்லி, உங்கள் கணக்கில் ஒன்றும் தெரியாவிட்டால் கேட்க வேண்டியது ஒரே ஒரு எண். கார்டு என்றால் ஏஆர்என், அது 23 இலக்கம். யுபிஐ என்றால் ஆர்ஆர்என், 12 இலக்கம். அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் பேங்க் தேடிப் பார்த்துவிடும். எண்ணைத் தர முடியவில்லை என்றால், பணம் இன்னும் கிளம்பவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்; "அனுப்பியாச்சு" என்பது உள்ளே ஒருவர் பட்டனை அழுத்திய கதையாக இருக்கும்.

கிரெடிட் கார்டுக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரீஃபண்ட் பெரும்பாலும் சேமிப்புக் கணக்குக்கு வராது, கார்டிலேயே வரவாக விழும். பல பேர் சேமிப்புக் கணக்கின் எஸ்எம்எஸ்ஸுக்காகக் காத்திருக்க, பணம் கார்டு ஸ்டேட்மென்ட்டில் Cr என்ற இரண்டு எழுத்தோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

அறிகுறி: ஏர்லைன் "கொடுத்துட்டோம்" என்கிறது, ஏஜென்ட் "வரலை" என்கிறார்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நீங்கள் ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்தீர்கள். ஏஜென்ட் தன் பணத்தில் ஏர்லைனிடம் டிக்கெட் வாங்கினார். இவை இரண்டு தனித்தனி வியாபாரம். ரத்து செய்யும்போது முதலில் ஏர்லைனுக்கும் ஏஜென்ட்டுக்கும் இடையில் கணக்கு தீர வேண்டும், அப்புறம்தான் ஏஜென்ட்டுக்கும் உங்களுக்கும்.

அந்த முதல் கணக்கு எப்படித் தீரும் என்பது ஏர்லைனைப் பொறுத்தது. குறைந்த கட்டண ஏர்லைன்களில் ஏஜென்ட்டுகள் முன்கூட்டியே பணம் போட்டு ஒரு வாலட் வைத்திருப்பார்கள். ரத்து செய்ததும், பல நேரம் அன்றைக்கே, பணம் அந்த வாலட்டில் விழுந்துவிடும். அது பேங்க்குக்கு வந்த பணம் அல்ல, அடுத்த டிக்கெட் வாங்கப் பயன்படும் இருப்பு. ஏஜென்ட் உங்களுக்குத் தருவதென்றால் தன் பேங்க் கணக்கிலிருந்து எடுத்துத் தர வேண்டும். "ஏர்லைன்ல இருந்து என் அக்கவுண்ட்டுக்கு எதுவும் வரலை" என்று அவர் சொல்வது எழுத்தளவில் உண்மை. ஆனாலும் பணம் அவரிடம்தான் இருக்கிறது.

பழைய பாணி ஏர்லைன்களில் விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் பிஎஸ்பி என்ற பொதுக் கணக்கு வழியாகப் போகும். ஏஜென்ட் விற்ற டிக்கெட்டுகளுக்கான மொத்தப் பணத்தையும் குறிப்பிட்ட நாள்களுக்கு ஒருமுறை இந்தக் கணக்கில் கட்டுவார். ரீஃபண்ட் என்பது அடுத்த பில்லில் அவர் கட்ட வேண்டிய தொகையில் கழிவாக வரும். கட்டண நிபந்தனை நேரடியானது என்றால் ஏஜென்ட்டே கணினியில் ரீஃபண்ட் போட்டுவிடலாம். மருத்துவக் காரணம், ஏர்லைனே ரத்து செய்தது, பாதி பயணம் முடிந்த டிக்கெட் மாதிரி சிக்கலானது என்றால் ஏர்லைனுக்கு விண்ணப்பம் அனுப்பி, அங்கே ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வாரக்கணக்கில் தேங்குவது பெரும்பாலும் அந்த வரிசையில்தான்.

மூன்றாவது ஒரு ஆளும் இருக்கலாம். சிறிய ஊர் டிராவல்ஸ்கள் பலவற்றுக்கு ஐயாட்டா அங்கீகாரம் கிடையாது. ஒரு பெரிய மொத்த வியாபாரியின் போர்ட்டலில் புகுந்து டிக்கெட் எடுப்பார்கள். அப்போது பணம் ஏர்லைனிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அவரிடமிருந்து உங்கள் ஏஜென்ட்டுக்கு, அப்புறம் உங்களுக்கு. ஒவ்வொரு கைமாற்றிலும் ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டும், ஒருவர் லீவில் இருப்பார்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தானபோது, டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் ரீஃபண்டுகளை முடிக்க மத்திய அரசு உத்தரவிட்டது. அந்த அவசரத்திலும் ஏஜென்ட் வழி டிக்கெட்டுகள் தனிச் சிக்கலாகத்தான் இருந்தன. அவற்றில் பயணியின் முழு விவரம் ஏர்லைனிடம் இல்லாமல் போகலாம்.

சரி, விதி என்ன சொல்கிறது? ஏஜென்ட்டோ போர்ட்டலோ, அவர்கள் ஏர்லைன் நியமித்த பிரதிநிதிகள். ஆகவே ரீஃபண்டுக்குப் பொறுப்பு ஏர்லைன்தான் என்றது 2016 விதி. அதற்கு வைத்த உச்சவரம்பு 30 வேலை நாள். 2025 நவம்பரில் வந்த வரைவுத் திருத்தம் அதை 21 வேலை நாளாகக் குறைக்கச் சொன்னது. ஆகவே நாள் கணக்கைக் காட்டி எழுதும்போது, நீங்கள் ரத்து செய்த தேதியில் நடப்பிலிருந்த பதிப்பு எது என்று டிஜிசிஏ இணையதளத்தில் பார்த்து அதைக் குறிப்பிடுங்கள். பழைய எண்ணை எழுதினால் முதல் பதிலே அதைத் திருத்துவதாகத்தான் இருக்கும்.

வேலை நாள் என்ற சொல்லில் சனி ஞாயிறு ஒளிந்திருக்கிறது. 2025 ஜூன் 2, திங்கட்கிழமை ரத்து செய்த ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மறுநாளிலிருந்து எண்ணினால் 30-வது வேலை நாள் ஜூலை 14. முழுதாக ஆறு வாரம். "ஒரு மாசம்னு சொன்னாங்க" என்று ஜூலை 2 அன்று ஏஜென்ட்டின் கடை வாசலில் நின்றால் உங்களுக்கும் கோபம், அவருக்கும் கோபம்.

*யாரிடம் நிற்கிறது என்று பிடிப்பது*

ஏர்லைனின் கால் சென்டரை அழைத்து "ரீஃபண்ட் எப்ப வரும்?" என்று கேட்காதீர்கள். "ஏஜென்ட்டைக் கேளுங்க" என்ற பதில் தயாராக இருக்கும். பிஎன்ஆர் எண்ணைச் சொல்லி இதைக் கேளுங்கள்: டிக்கெட்டின் நிலை என்ன, ரீஃபண்ட் எந்தத் தேதியில், எவ்வளவு, எந்தக் கணக்கு வகைக்குப் போனது?

உங்கள் இ-டிக்கெட்டில் 13 இலக்க எண் இருந்தால் அதன் ஒவ்வொரு பயணப் பகுதிக்கும் ஒரு நிலை இருக்கும். OPEN என்று இருந்தால் சீட் மட்டும்தான் ரத்தாகியிருக்கிறது, ரீஃபண்ட் போடவே இல்லை. இது அடிக்கடி நடப்பது: ஏஜென்ட் புக்கிங்கை ரத்து செய்துவிட்டு ரீஃபண்ட் விண்ணப்பத்தை மறந்திருப்பார். REFUNDED அல்லது RFND என்று இருந்தால் ஏர்லைன் பக்கம் வேலை முடிந்தது. பணம் பிஎஸ்பி கழிவாகப் போய்விட்டது அல்லது போய்க்கொண்டிருக்கிறது. VOID என்று இருந்தால் பெரும்பாலும் வாங்கிய அன்றே டிக்கெட் செல்லாததாக்கப்பட்டது, ஏர்லைன் பணமே வாங்கவில்லை; முழுத் தொகையும் ஏஜென்ட்டிடம். 13 இலக்க எண் இல்லாத குறைந்த கட்டண ஏர்லைன் என்றால், பணம் ஏஜென்சி கணக்குக்குத் திரும்பியதா, எந்தத் தேதியில் என்று கேட்டால் போதும். தேதி கிடைத்துவிட்டால் அடுத்த போன் யாருக்கு என்பதில் குழப்பம் இல்லை.

*ஒரு கணக்கு*

பொள்ளாச்சியில் ஒரு டிராவல்ஸ். மூன்று பேருக்குக் கோவை–டெல்லி டிக்கெட், ஆளுக்கு 7,200 ரூபாய், ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் ஆளுக்கு 350. மொத்தம் கொடுத்தது 22,650. பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் ரத்து. ஏர்லைனின் ரத்துக் கட்டணம் ஆளுக்கு 4,000 என்று வைத்துக்கொள்வோம். ஏர்லைன் திருப்புவது ஆளுக்கு 3,200, மூன்று பேருக்கு 9,600. ஏஜென்ட் ரத்துக்காகத் தன் பங்குக்கு ஆளுக்கு 300 எடுப்பார் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், கைக்கு வர வேண்டியது 8,700.

ஏர்லைனை அழைத்ததில், ரத்து செய்த அன்று மாலையே 9,600 ஏஜென்சி வாலட்டுக்குப் போனதாகத் தெரிகிறது. ஆனால் அது இவருடைய வாலட் அல்ல, சென்னையில் உள்ள மொத்த வியாபாரியுடையது. அவர் போர்ட்டலில் ஏஜென்ட்டுக்கு வரவு வைத்தாரா என்பதுதான் இப்போது கேள்வி. அதை ஏஜென்ட்டால் தன் லாகினில் இரண்டு நிமிடத்தில் பார்க்க முடியும். பார்க்கச் சொல்ல, உங்கள் கையில் தேதியும் தொகையும் இருக்க வேண்டும். "ஏர்லைன் 2-ம் தேதி 9,600 கொடுத்ததாகச் சொல்றாங்க, உங்க போர்ட்டல்ல வரவு விழுந்துச்சா பார்க்க முடியுமா?" என்ற கேள்விக்கும் "என் பணம் எங்கே?" என்ற கேள்விக்கும் வரும் பதில்கள் ஒன்றாக இருக்காது.

அறிகுறி: "நான்-ரீஃபண்டபிள், ஒரு பைசா வராது" என்கிறார்கள்

முழுதாக உண்மை இல்லை. சலுகைக் கட்டண டிக்கெட்டாக இருந்தாலும், பயணியே ஏர்போர்ட்டுக்குப் போகாமல் விட்டிருந்தாலும், அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் (யூடிஎஃப், ஏடிஎஃப், பிஎஸ்எஃப் என்று டிக்கெட்டில் இருக்கும்) திரும்ப வர வேண்டும் என்கிறது டிஜிசிஏ விதி. ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது.

3,300 ரூபாய் டிக்கெட் ஒன்றில் அடிப்படையும் எரிபொருளும் 2,400, ஜிஎஸ்டி 120, விமான நிலையக் கட்டணங்கள் 780 என்று வையுங்கள். ஏர்லைனின் ரத்துக் கட்டணம் 4,000 என்று பட்டியலில் இருந்தாலும் அவர்கள் பிடிக்கக் கூடியது 2,400 வரைதான். குறைந்தது அந்த 780 உங்களுடையது. தொகை சின்னது என்று பலர் கேட்பதே இல்லை. நால்வர் குடும்பம் என்றால் 3,120 ரூபாய், நான் கேட்பேன்.

திரும்ப வராதவையும் உண்டு: வெப்சைட்டின் கன்வீனியன்ஸ் கட்டணம், ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம். இவற்றுக்காக ஏர்லைனிடம் புகார் எழுதினால் மற்ற கோரிக்கையின் பலமும் குறையும். ஏர்லைன் பணத்துக்குப் பதிலாக அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் ஷெல்லில் வைத்துவிட்டால், அது பயணி விரும்பினால் மட்டும்தான் என்று விதி இருக்கிறது, பணமாகவே கேட்கலாம்.

அறிகுறி: விமானத்தை ரத்து செய்தது அவர்கள், கட்டணம் பிடித்தது என்னிடம்

நீங்கள் ஏஜென்ட் ஆப்பில் போய் "கேன்சல்" அழுத்தியிருப்பீர்கள். ஏர்லைன் ரத்து செய்த தகவல் பல நேரம் ஏஜென்ட் கணினிக்குத் தாமதமாகத்தான் போகும். அதற்குள் நீங்கள் அழுத்தினால் அது பயணியின் சொந்த விருப்பத்தில் ரத்து என்று பதிவாகும், கட்டணம் பிடிக்கும். ஏர்லைனின் எஸ்எம்எஸ் வந்ததும் அதில் உள்ள லிங்க்கிலோ ஏர்லைன் தளத்திலோ முழு ரீஃபண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வழி. ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால், அந்த எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட்டோடு ஏஜென்ட்டிடம் "ஏர்லைன் ரத்து, முழுத் தொகைக்கு விண்ணப்பியுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அது மனிதர் பார்க்கும் வரிசைக்குப் போகும், தாமதம் ஆகும், ஆனால் எஸ்எம்எஸ் இருந்தால் மறுப்பது கடினம். அதை அழித்துவிடாதீர்கள்.

எப்படிக் கேட்பது

ஊர் ஏஜென்ட்டிடம் மரியாதையாகப் பேசுவதற்கு நல்ல குணம் மட்டும் காரணம் இல்லை. மொத்த வியாபாரியிடம் போன் போட்டு உங்கள் ஒரு டிக்கெட்டுக்காகப் பத்து நிமிடம் லைனில் காத்திருக்கப்போவது அவர்தான். ஒரே வாட்ஸ்அப் செய்தியில் எல்லாம் இருக்கட்டும், அவர் அதை அப்படியே மேலே அனுப்பும்படி:

"வணக்கம் அண்ணே. கோவை–டெல்லி, மூணு பேர், பிஎன்ஆர் இது. ஜூன் 2 அன்னைக்கு ரத்து பண்ணினோம். ஏர்லைன்ல கேட்டதுல அன்னைக்கே 9,600 ஏஜென்சி கணக்குக்குப் போயிடுச்சுன்னு சொன்னாங்க. உங்க போர்ட்டல்ல வந்திருக்கான்னு பார்த்துச் சொல்றீங்களா? வரலைன்னா அவங்ககிட்ட கேட்டுட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

கடைசி வரியில் ஒரு நாளைக் குறித்தது முக்கியம். "சீக்கிரம்" என்று எழுதினால் யாருக்கும் தேதி இல்லை. வெள்ளிக்கிழமை பதில் வராவிட்டால் சனிக்கிழமை அதே செய்திக்குக் கீழேயே "அண்ணே, பார்த்தீங்களா?" என்று கேளுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். தினமும் மூன்று முறை அழைத்தால் நம்பர் பிளாக் ஆகும், அவ்வளவுதான் நடக்கும்.

ஏர்லைனுக்கு மின்னஞ்சல் என்றால் தலைப்பிலேயே பிஎன்ஆர், ரத்து செய்த தேதி, தொகை மூன்றும் இருக்கட்டும். உள்ளே நான்கைந்து வரி போதும்: என்ன வாங்கினேன், யார் மூலம், எப்போது ரத்து, எவ்வளவு வர வேண்டும், கெடு எந்தத் தேதியில் முடிந்தது. ஏஜென்ட் எழுத்தில் "ஏர்லைன் தரவில்லை" என்று சொல்லியிருந்தால் அதை இணையுங்கள். இரண்டு பேரின் எழுத்தும் ஒரே மடலில் எதிரெதிராக நிற்கும்போது யாராவது ஒருவர் கணக்கைத் திறந்து பார்த்தாக வேண்டும். புகார் எண் வந்தால் அடுத்த மடல்கள் எல்லாம் அதே எண்ணில், அதே சங்கிலியில்.

போன் நம்பரை ஏர்லைனின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் "ரீஃபண்ட் கஸ்டமர் கேர்" என்று போட்டால் மோசடி எண்கள் கலந்து வரும். ரீஃபண்ட் அனுப்ப யுபிஐ பின் நம்பரோ, திரையைப் பகிரும் ஆப்போ கேட்பவர் ஏர்லைன்காரர் இல்லை. சமூக வலைதளத்தில் புகார் போடுவதானால் பிஎன்ஆரை வெளியே எழுதாதீர்கள். அதுவும் பயணியின் பெயரும் தெரிந்தாலே புக்கிங்கைத் திறந்துவிட முடியும்.

கெடு தாண்டிய பிறகு

ஏர்லைன் தளத்தில் நோடல் அதிகாரி, அவருக்கு மேல் அப்பீல் அதிகாரி என்று இரண்டு முகவரி இருக்கும். வரிசையாகப் போங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் airsewa.gov.in தளத்தில் பதிவு செய்யலாம். ஏர்லைன் கொடுத்துவிட்டது உறுதி, ஏஜென்ட்தான் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 பொருத்தமான இடம். கொரோனா ஊரடங்கு டிக்கெட்டுகள் பற்றி 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் ஏர்லைன் பணத்தைத் திருப்ப வேண்டும், ஏஜென்ட் அதை உடனே பயணிக்குக் கொடுக்க வேண்டும்.

கார்டு பேங்க்கிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைப் பேங்க்கே திரும்பப் பிடித்துத் தரும்படி, கேட்பதும் ஒரு வழி. ஆனால் ரீஃபண்ட் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும்போது அதைத் தொடங்கினால், ஏஜென்ட் தன் பக்கத்தை நிறுத்திவிட்டு பேங்க்குக்குப் பதில் எழுத ஆரம்பிப்பார். ஒரே பணத்தை இரண்டு முறை தர யாரும் தயாராக இல்லை. எழுத்தில் மறுப்பு வந்த பிறகோ, கெடு முடிந்து பதிலே இல்லாதபோதோ அதை எடுங்கள். சார்ஜ்பேக்குக்கும் காலவரம்பு உண்டு, அதனால் எத்தனை நாள் மிச்சம் என்று முன்கூட்டியே பேங்க்கிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.